குளியல் உப்பு என்ற பெயரில் விற்கப்படும் கேத்தினோன் போதைப்பொருள்கள்: பதற்றமும் உடற்கொதிப்பும் அச்சமும் ஏன் வருகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியல் உப்பு என்றால் குளிக்கிற தண்ணீரில் போடும் உப்புதானே? அது எப்படி ஒருவரை வெறி பிடித்தவர்போல் ஆக்கும்?

மருந்துக் கடையில் கால்வலிக்கு வெந்நீரில் போடச் சொல்லித் தரும் உப்பு மக்னீசியம் சல்ஃபேட். அதற்கும் இந்தப் பொருளுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில வியாபாரிகள் ஒரு வெள்ளைப் பொடியைச் சிறு பொட்டலங்களில் அடைத்து, சட்டத்தின் கண்ணில் படாமலிருக்க ‘குளியல் உப்பு’ என்றும் ‘செடி உரம்’ என்றும் பெயரிட்டு, ‘மனிதர் உட்கொள்வதற்கன்று’ என்று அச்சடித்து விற்றார்கள். உள்ளே இருந்தவை எம்.டி.பி.வி., மெஃபெட்ரோன், மெத்திலோன் போன்ற செயற்கைக் கேத்தினோன்கள்.

ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் மென்று சுவைக்கும் காட் என்னும் செடியின் இலையில் இயற்கையாகவே கேத்தினோன் உண்டு; ஆய்வுக்கூடங்களில் அதன் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிச் செய்தவையே இவை. பிரிட்டன் 2010-இல் மெஃபெட்ரோனைத் தடைசெய்தது. அமெரிக்கா 2011-இல் மேற்சொன்ன மூன்றையும் தடைசெய்தது. இந்தியாவில் மெஃபெட்ரோன் 2015-இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்தது. நம் நாட்டில் ‘குளியல் உப்பு’ என்ற பெயரைவிட ‘எம்.டி.’, ‘மியாவ் மியாவ்’ என்ற பெயர்களே அதிகம் புழங்குகின்றன. ஆகவே வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெற்றோர் ‘என் பிள்ளை குளியல் உப்பு ஏதும் வாங்கவில்லை’ என்று சொல்லி ஆறுதல் அடைய முடியாது.

காபி, டீ குடித்தாலும் சுறுசுறுப்பு வருகிறது. இதில் மட்டும் ஏன் இவ்வளவு ஆவேசம்?

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று டோபமைன், ‘இது முக்கியம், இதைக் கவனி, இதை நாடு’ என்ற உந்துதலைத் தருவது. மற்றொன்று நார்அட்ரினலின், ஆபத்து நேரும்போது இதயத்தை விரைவுபடுத்தி, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, கண்மணியை விரித்து, உடலைச் சண்டைக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தப்படுத்துவது. செய்தி சேர்ந்தவுடன் இவ்விரண்டையும் சுரந்த அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யும் புரதங்களை, மழைநீர் தேங்கும் தெருவில் நீரை இறைத்து வெளியேற்றும் மோட்டாராக எண்ணிக்கொள்ளலாம். எம்.டி.பி.வி. அந்த மோட்டாரின் வாயை அடைத்துவிடுகிறது. நீர் இறங்க வழியின்றி ஏறிக்கொண்டே போகிறது. மெஃபெட்ரோன் மோட்டாரைத் தலைகீழாக ஓடவிட்டு, வெளியேற்ற வேண்டிய நீரையே தெருவுக்குள் கொட்டுகிறது. வழி வேறானாலும், நரம்பணுக்களுக்கு இடையில் டோபமைனும் நார்அட்ரினலினும் வழக்கத்தைவிடப் பன்மடங்கு தேங்கி நிற்கின்றன.

காபியில் உள்ள கஃபீன் இந்த மோட்டாரைத் தொடுவதே இல்லை. தூக்கக் கலக்கத்தைத் தரும் அடினோசின் என்ற வேறொரு பொருளின் செயலை மட்டுமே அது தடுக்கிறது. எம்.டி.பி.வி.யின் வேகத்தை அறிய வேண்டுமானால் கோகைனோடுதான் ஒப்பிட வேண்டும். எலி மூளையில் செய்யப்பட்ட சோதனைகளில், டோபமைனைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுப்பதில் எம்.டி.பி.வி. கோகைனைவிட ஏறத்தாழ 50 மடங்கு வலிமையாக இருந்தது. சில மில்லிகிராமிலேயே வேலைசெய்யும் ஒரு பொருளைக் கண்ணளவில் கிள்ளி எடுப்பவருக்கு, தாம் எடுத்தது இரு மடங்கா ஐந்து மடங்கா என்று தெரிந்துகொள்ளும் வழியே இல்லை.

இன்னொரு தன்மையையும் சொல்ல வேண்டும். இன்ப உணர்வு இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. இதயத் துடிப்பும் அழுத்தமும் அதைவிட நெடுநேரம் உயர்ந்தே நிற்கின்றன. உணர்வு வடிந்ததும் மறுபடி எடுக்கத் தோன்றுவதால், முதல் அளவின் சுமை இறங்குமுன்பே இரண்டாவது அளவு அதன்மேல் ஏறுகிறது. இரவு முழுவதும் இப்படியே தொடர்கிறது. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே முறையாகப் பேரளவை எடுத்தவர்களல்லர், இவ்வாறு அடுக்கடுக்காக எடுத்தவர்கள்.

உடம்பு ஏன் அப்படிக் கொதிக்கிறது? காய்ச்சலா அது?

காய்ச்சல் அன்று. கிருமி தாக்கும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தானே தன் அளவை உயர்த்திக்கொள்வதையே காய்ச்சல் என்கிறோம். இங்கே நடப்பது, வெப்பம் உண்டாகும் வேகம் ஏறி, வெளியேறும் வழி அடைபடுவது.

முதலில் உண்டாகும் பக்கத்தைப் பார்ப்போம். இந்தப் பொருளை எடுத்தவர் உட்கார மாட்டார். நடப்பார், பல்லைக் கடிப்பார், கையை முறுக்குவார், யாரேனும் பிடித்தால் முழு வலிமையோடும் திமிறுவார். தசை வேலை செய்தால் வெப்பம் பிறக்கும். மணிக்கணக்காக இறுகிய தசை ஓய்வின்றி வெப்பத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதோடு, நார்அட்ரினலின் தூண்டுதலால் அசைவில்லாமலே தசையணுக்களுக்குள் எரிபொருள் வீணாக எரிந்து வெப்பமாகிறது. மெஃபெட்ரோன் போன்றவை செரோடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளையும் பெருக்குவதால் தசைகள் மேலும் விறைத்து நடுங்குகின்றன.

வெளியேறும் பக்கத்தில் இரண்டு வாயில்கள் உண்டு. உடலின் உள்ளே பிறந்த வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவர வேண்டும். தோலில் வியர்வை ஆவியாக வேண்டும். அதே நார்அட்ரினலின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் முதல் வாயில் பாதி மூடிக்கொள்கிறது. இதனால் நெஞ்சும் வயிறும் அனலாக இருக்கும்போதே விரல் நுனிகள் சில்லிட்டிருப்பதுண்டு. கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘சூடு இல்லையே’ என்று விட்டுவிடும் தவறு இங்கேதான் நேர்கிறது. இரண்டாவது வாயில் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. மே மாதத்து வேலூரில், நாள் முழுவதும் கொதித்த பாறைக் குன்றுகள் இரவிலும் அனல் விட, மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவருக்கு வியர்வை ஊற்றும், ஆனால் காற்றோட்டமின்றி ஆவியாகாது. ஊற்றிய நீரை ஈடுசெய்ய அவர் தண்ணீர் குடிப்பதுமில்லை. பசியையும் தாகத்தையும் இந்தப் பொருள் மறக்கடித்துவிடுகிறது. நீர் வற்ற வற்ற, தோலுக்கு அனுப்ப உடலில் இரத்த அளவும் போதாமல் போகிறது. குளிர்நாடு ஒன்றில் ஒருவர் தப்பிப் பிழைக்கக்கூடிய அதே அளவு, நம் ஊர்க் கத்தரி வெயிலில் உயிரைக் குடிக்கக்கூடும் என்று நான் அஞ்சுவது இதனால்தான்.

உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியபின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேர்கிறது. தசையணுக்கள் உடைந்து, அவற்றின் உள்ளே இருந்த மையோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. பொட்டாசியம் வெளியேறி இதயத்தின் தாளத்தைக் குலைக்கிறது. கல்லீரலும் இரத்தம் உறையும் ஏற்பாடும் அடுத்துத் தளர்கின்றன. இறப்புகளில் பெரும்பங்கு இந்தத் தொடரிலிருந்து வருவதால், ஆவேசத்தைக் கண்டு திகைத்து நிற்பவர்கள் வெப்பமானியை மறந்துவிடக் கூடாது.

‘யாரோ என்னைக் கொல்ல வருகிறார்கள்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது?

அதைப் பொய் என்றோ நடிப்பு என்றோ எண்ணுவது பெருந்தவறு. அவர் உணரும் அச்சம் முழுமையாக உண்மையானது. நாள்தோறும் நம் காதில் விழும் ஓசைகளிலும் கண்ணில் படும் காட்சிகளிலும் பெரும்பாலானவற்றை மூளை பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. எது கவனத்துக்குரியது என்று குறி வைப்பதில் டோபமைனுக்குப் பெரும்பங்கு உண்டு. டோபமைன் வரம்பின்றித் தேங்கும்போது எல்லாவற்றின்மேலும் அந்தக் குறி விழுகிறது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைப்பது, எதிர்வீட்டில் விளக்கு அணைவது, நண்பன் கைபேசியைப் பார்த்துச் சிரிப்பது ஆகிய ஒவ்வொன்றும் ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று உறுத்துகிறது. இப்படி உறுத்துவதற்கெல்லாம் ஒரு காரணம் வேண்டும் என்று மனம் தேடி, எல்லாவற்றையும் கோத்து ஒரு கதை செய்துகொள்கிறது. மனப்பிறழ்வுக்குப் பொதுவாகவே இந்த விளக்கத்தை மனநல ஆய்வாளர் சிதிஜ் கபூர் 2003-இல் தெளிவாக முன்வைத்தார்.

அந்தக் கதை ஏன் இனிமையான கதையாக இருப்பதில்லை என்றால், அதே நேரத்தில் நார்அட்ரினலின் உடலை ஆபத்து நிலையில் வைத்திருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது. உடல் இவ்வளவு அஞ்சும்போது அஞ்சத்தக்கது ஏதோ இருந்தே ஆக வேண்டும் என்று மூளை முடிவு செய்கிறது. ஆகவே கதையில் வருபவர் துரத்துபவராக, ஒட்டுக் கேட்பவராக, விஷம் வைப்பவராக ஆகிவிடுகிறார். விரிந்த கண்மணிக்குள் சாதாரண விளக்கும் கூசுகிறது. நிழல்கள் ஆளாகத் தெரிகின்றன. தோலின்கீழ்ப் பூச்சி ஊர்வதாகச் சிலர் கீறிப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ‘அப்படி இருக்காதே’ என்று நிதானமாக எடைபோட வேண்டிய முன்மூளைப் பகுதியோ, இந்த வேதிப்பொருள்கள் மிகும்போதுதான் மிகவும் தடுமாறுகிறது. இரண்டு மூன்று இரவுகள் தூக்கமின்றிக் கழிந்திருந்தால், தூக்கமின்மை மட்டுமே உண்டாக்கக்கூடிய மனமயக்கமும் இதோடு சேர்கிறது.

உடற்சூடு ஏறினால் அதுவே மூளையைக் குழப்பும். ஆக, அச்சத்தால் திமிறுகிறார். திமிறுவதால் சூடு ஏறுகிறது. சூட்டால் குழப்பம் கூடுகிறது. குழப்பத்தால் அச்சம் பெருகுகிறது. பதற்றம், வெப்பம், மிரட்சி என்று மூன்று நோய்களாக எண்ணாமல், ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே சுழற்சியாக இதைப் பார்த்தால்தான் சிகிச்சையின் ஒழுங்கு விளங்கும்.

மணிக்கு மணி இது எப்படி முற்றுகிறது என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

கீழே வருவது எந்த ஒரு தனி மனிதரின் கதையும் அன்று. மருத்துவ நூல்களில் பதிவான போக்கை ஒட்டி, விளக்கத்திற்காக அமைத்த மாதிரி. மே மாதம், காட்பாடிப் பக்கம் ஒரு வாடகை அறை, 22 வயது இளைஞர் ஒருவர். இரவு 10 மணிக்கு முதல் முறை எடுக்கிறார். 11 மணிக்கு ஓயாத பேச்சும் மகிழ்ச்சியும். நள்ளிரவில் உணர்வு இறங்குவதாகத் தோன்றி மறுபடி எடுக்கிறார். 2 மணிக்கு மூன்றாம் முறை. 3 மணியளவில் ஜன்னலைச் சாத்தித் துணியால் மறைக்கிறார். வெளியே ஆள் நிற்பதாகச் சொல்கிறார். சிரித்த அறைத்தோழனைச் சந்தேகிக்கிறார். மின்விசிறியின் ஓசையில் தம் பெயர் கேட்பதாகச் சொல்லி அதையும் நிறுத்திவிடுகிறார். அடைத்த அறையில் அவர் நடந்துகொண்டே இருக்கிறார்.

விடியற்காலை 5 மணிக்குச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறார். நான்கு பேர் சேர்ந்து குப்புறத் தள்ளி முதுகின்மேல் உட்காருகிறார்கள். 20 நிமிடம் திமிறுகிறார். மருத்துவமனையில் சேர்க்கும்போது நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 168, இரத்த அழுத்தம் 190/110, மலக்குடல் வழி எடுத்த வெப்பம் 41.2 டிகிரி, அதாவது 106 ஃபாரன்ஹீட். கண்மணிகள் விரிந்து, தோல் வியர்வையில் நனைந்திருக்கிறது.

அந்த நனைந்த தோல் நம் பகுதியில் மிகவும் பயனுள்ள தடயம். ஊமத்தங்காயைத் தின்றவரும் கண்மணி விரிந்து, உடல் சுட்டு, இல்லாத ஆளோடு பேசுவார்; ஆனால் அவருடைய தோலும் நாவும் காய்ந்திருக்கும், வயிற்றில் குடல் ஓசை அடங்கியிருக்கும். வெயிலில் வேலை செய்து மயங்கியவருக்கும் இதே வெப்பம் வரலாம். அங்கே கடந்த சில மணி நேரத்தின் கதை வேறாக இருக்கும். பல ஆண்டு குடித்தவர் குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் சித்தப்பிரமையும் இவ்வாறே தோன்றும். இரத்தச் சர்க்கரை குறைந்தவரும் ஆவேசப்படுவார் என்பதால், விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது முதல் நிமிட வேலை.

நரம்பு ஊசி போட இடம் தராத நிலையில் தொடைத் தசையில் மிடாசோலம் 10 மில்லிகிராம் போடப்படுகிறது. அடங்காததால் நரம்பு வழி மேலும் தரப்படுகிறது. தார்ப்பாயில் கிடத்தி, ஐஸும் நீரும் நிரப்பி, கழுத்து வரை அமிழ்த்துகிறார்கள். ஏறத்தாழ 20 நிமிடத்தில் வெப்பம் 38.5-க்கு இறங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குமேல் தொடர்ந்தால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். வடிகுழாயில் வந்த சிறுநீர் கடுங்காபி நிறத்தில் இருக்கிறது. சோதனைப் பட்டை ‘இரத்தம் உண்டு’ என்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுமில்லை. அந்த முரண்பாடே தசை உடைந்ததைக் காட்டிக்கொடுக்கிறது, ஏனெனில் பட்டையை நிறம் மாற்றியது மையோகுளோபின். வழக்கமாக 200-ஐ ஒட்டி இருக்க வேண்டிய தசை நொதியான சி.கே. 18,000, மறுநாள் 42,000. இந்த நொதி உச்சத்தை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், முதல் எண்ணைக் கண்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நரம்பு வழி உப்புநீரைத் தாராளமாக ஏற்றி, பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் தெளிகிறது. ‘ஜன்னலுக்கு வெளியே நின்றவர்’ ஐந்தாம் நாள்தான் அவர் மனத்தை விட்டுப் போகிறார்.

பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்காதா?

இறங்காது. காய்ச்சலில் உயர்ந்த கட்டுப்பாட்டு அளவைத் திருப்பி இறக்குவதே அந்த மாத்திரையின் வேலை. இங்கே அந்த அளவு உயரவே இல்லை. கல்லீரல் ஏற்கெனவே வெப்பத்தால் நொந்திருக்கக்கூடிய நேரத்தில் அதன்மேல் இன்னொரு சுமையும் ஏறும்.

கையைக் காலைக் கட்டிப் போட்டால் அடங்கிவிடுவாரே?

அடங்குவதுபோல் தோன்றும், உள்ளே நிலைமை மோசமாகும். கட்டை எதிர்த்துத் திமிறும் தசை, ஓடும் தசையைவிடக் குறைவாக வெப்பத்தைச் சுரப்பதில்லை. ஓடுகிறவருக்குக் கிடைக்கும் காற்றாவது கட்டப்பட்டவருக்குக் கிடையாது. குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் நெஞ்சு விரிய முடியாது. தசைகள் ஓயாமல் உழைத்ததால் இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். வேகமாக மூச்சு விட்டே அவர் அதை ஈடுகட்டிக்கொண்டிருப்பார். அந்த மூச்சை அழுத்திப் பிடித்தால் இதயம் நின்றுவிடலாம். ‘இவ்வளவு நேரம் கத்தினார், இப்போது அமைதியாகிவிட்டார்’ என்று சுற்றியிருப்பவர்கள் நிம்மதி அடையும் கணம் சில வேளைகளில் மரணத்தின் கணமாக இருந்திருக்கிறது.

மருத்துவமனையில் பிடித்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், மல்லாக்காகவோ ஒருக்களித்தோ, ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டும் பிடித்து, மருந்து வேலை செய்தவுடன் விட்டுவிட வேண்டும். லோராசெபாம், மிடாசோலம், டயசெபாம் ஆகிய பென்சோடயசெபைன் மருந்துகளை முதலில் தருவதன் காரணமும் மேலே சொன்ன சுழற்சிதான்: மனத்தையும் தசையையும் ஒருங்கே தளர்த்தி, வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்கின்றன. மனப்பிறழ்வுக்கான மருந்துகளைச் சேர்க்கலாம். ஆனால் அவற்றில் சில வலிப்புக்கு இடம்கொடுக்கும், சில இதயத் தாளத்தைப் பாதிக்கும். எனவே அவற்றை மட்டும் நம்பித் தொடங்குவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. இவ்வளவும் செய்தும் 41-க்குக் கீழே இறங்காதவரை முழுமையாக மயக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கைச் சுவாசத்தில் வைக்க நேரும்.

வீட்டிலோ விடுதியிலோ ஒருவர் இப்படி ஆனால், ஆம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

உடனே 108-ஐ அழையுங்கள். ‘போதைப்பொருள், உடம்பு கொதிக்கிறது, ஆவேசமாக இருக்கிறார்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும்; மற்றவர்கள் விலகி நிற்கட்டும். கூட்டம் சூழ்ந்தால் தம்மைச் சூழ்ந்துகொண்டார்கள் என்ற அவருடைய கதைக்கு நாமே சாட்சி ஆகிறோம். ‘அங்கே யாருமில்லை, உளறாதே’ என்று வாதாடினால் நீங்களும் எதிரியின் ஆளாகிவிடுவீர்கள்; ‘ஆமாம், நிற்கிறார்கள்’ என்று ஒத்துப்பேசினாலும் பயம் ஏறும். ‘நீ ரொம்பப் பயந்திருக்கிறாய் தம்பி, நான் உன்கூடவே இருக்கிறேன், தண்ணீர் குடி’ என்று தாழ்ந்த குரலில் சொன்னால், அந்தச் சொற்களில் அவர் மறுக்கவேண்டியது ஒன்றுமிருக்காது.

அவருக்கும் கதவுக்கும் இடையில் நிற்காதீர்கள். கத்தி, அரிவாள்மனை, கண்ணாடிப் பொருள்களை அகற்றிவிடுங்கள். மாடியாக இருந்தால் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகவிடாமல் பாருங்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, இடம் கொடுத்தால் ஈரத்துணியால் நெஞ்சையும் கழுத்தையும் துடைத்து, மேலே தண்ணீர் தெளியுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காத்திருங்கள். வலிப்பு வந்தாலும், பேச்சுக் குழறி நினைவு தப்பினாலும், நெஞ்சு வலிக்கிறது என்றாலும், சிறுநீர் காபி நிறத்தில் போனாலும் காத்திருக்காமல் எந்த வண்டியிலாவது ஏற்றிவிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறு எதுவோ, இரவு முழுவதும் அவசரப் பிரிவு இயங்கும் பெரிய மருத்துவமனைகளில் எது அருகிலோ அங்கே செல்ல வேண்டும். சிறிய கிளினிக்கில் இதைக் கையாள முடியாது. மிச்சப் பொட்டலம் இருந்தால் அதையும் கொண்டுசெல்லுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ‘போதைப்பொருள் இல்லை’ என்று வந்தது. அப்படியென்றால் அவர் எடுக்கவில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வழக்கமான பட்டைச் சோதனை கஞ்சா, அபின் வகை, கோகைன், ஆம்ஃபெட்டமைன் போன்ற சிலவற்றை மட்டுமே தேடுகிறது. கேத்தினோன்களில் பெரும்பாலானவை அதில் சிக்குவதில்லை. சில வேளைகளில் எம்.டி.பி.வி. எடுத்தவருக்கு வேறொரு பொருளின் பெயரில் தவறாக ‘உண்டு’ என்றும் காட்டியிருக்கிறது. உறுதிசெய்ய வேண்டுமானால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதியுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர நாளாகும். அதுவரை மருத்துவர் அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை தருவார், ஏனெனில் பொருளின் பெயர் தெரிந்தாலும் இதற்கென்று முறிமருந்து ஏதும் கிடையாது. ஒரு பொருள் தடைசெய்யப்பட்டதும் சற்றே மாற்றிய இன்னொன்று அதே பெயரில் சந்தைக்கு வருவதும் சோதனையை முந்திக்கொண்டே இருக்கிறது. எம்.டி.பி.வி.க்குப் பிறகு ஆல்ஃபா-பி.வி.பி., மெத்திலோனுக்குப் பிறகு எத்திலோன், அண்மையில் யூட்டிலோன் என்று வரிசை நீண்டுவந்திருக்கிறது.

இதை எடுத்தவர்கள் மனிதரையே கடித்துத் தின்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

2012 மே மாதம் அமெரிக்காவின் மயாமி நகரில் ஒருவர் இன்னொருவரின் முகத்தைக் கடித்துச் சிதைத்தார். குளியல் உப்புதான் காரணம் என்று உலகெங்கும் செய்தி பரவியது. பின்னர் வந்த ஆய்வக முடிவில் அவர் உடலில் கஞ்சா மட்டுமே இருந்தது. குளியல் உப்பு இல்லை. திருத்தம் அந்த அளவுக்குப் பரவவில்லை. இந்த வதந்தியால் நேரும் கேடு கண்கூடானது: நோயாளியை அரக்கனாக எண்ணி எட்டிப் போகிறார்கள், இல்லையென்றால் அடிக்கிறார்கள். தாக்குதல் நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கும்போது, தம்மைக் கொல்ல வருபவரிடமிருந்து தப்புகிறோம் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

அந்தப் பயம் எத்தனை நாளில் போகும்? நிரந்தர மனநோயாகிவிடுமா?

பெரும்பாலோருக்கு மருந்தோடும் ஆழ்ந்த தூக்கத்தோடும் ஒன்றிரண்டு நாளில் தெளிவு வருகிறது. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கிறது. தெளிந்த அடுத்த நாள்களில் டோபமைன் குறைவால் கடுஞ்சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். தற்கொலை எண்ணமும் வரக்கூடிய காலம் அது என்பதால் ‘சரியாகிவிட்டது’ என்று தனியே விடக் கூடாது. ஒரு மாதம் கடந்தும் பொருளைத் தொடாமலே குரல்கள் கேட்டாலோ சந்தேகம் நீங்காவிட்டாலோ, அடியில் வேறொரு மனநோய் இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். குடும்பத்தில் அத்தகைய நோய் இருந்தவர்களுக்கு இது முதல் தூண்டுதலாக அமைந்துவிடலாம். மறுபடி எடுத்தால் முந்தைய முறையைவிடக் குறைந்த அளவிலேயே அதே மிரட்சி திரும்புவதும் உண்டு.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகி, பிள்ளையின் படிப்பே போய்விடாதா?

இந்த அச்சத்தால் விடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மெஃபெட்ரோன் வைத்திருப்பதும் உட்கொள்வதும் குற்றமே. ஆயினும் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்ட ஒருவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், அந்தக் குற்றத்திற்கு வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். விற்பவருக்கு இது பொருந்தாது. உயிராபத்து நீங்கியபின் அடுத்து எங்கே செல்வது என்று கேட்க மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும், மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416-ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம். 14416-இல் தமிழிலேயே பேசலாம். ஆனால் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும் இரவில் அழைக்க வேண்டிய எண் 108 மட்டுமே.